சராசரி 6 பேர்தான், ஆனால் குடோன் மேனேஜருக்கு மூச்சு விட நேரமில்லை

கேள்வி: திருவொற்றியூரில் சுமார் 120 பேர் வேலை செய்யும் கம்பெனியில் எச்.ஆர். பார்க்கிறேன். எம்.டி. கேட்டதால் ஆர்க் சார்ட்டை வைத்து, ஒரு மேனேஜருக்குக் கீழே நேரடியாக எத்தனை பேர் என்ற ஸ்பான், மேலிருந்து கீழ்வரை எத்தனை படி என்ற லேயர் இரண்டுக்கும் கணக்கு போட்டேன். ஒரு மேனேஜருக்குச் சராசரி 5.8 பேர் வருகிறது. “எல்லாம் அளவாத்தானே இருக்கு” என்கிறார். ஆனால் இரண்டு மேனேஜர்கள் தாங்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். யாருக்கு உண்மையிலேயே சுமை அதிகம் என்று சார்ட்டிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

முதலில் அந்த 5.8-ஐ ஓரமாக வையுங்கள். அது எதையும் சொல்லாது. காரணம் எளிமையானது. ஒரு நிறுவனத்தில் உச்சியில் இருப்பவரைத் தவிர மற்ற ஒவ்வொருவரும் யாரோ ஒருவருக்குக் கீழே ஒரு தடவை எண்ணப்படுகிறார்கள். ஆகவே எல்லா மேனேஜர்களின் ஸ்பானையும் கூட்டினால் மொத்த ஆட்களில் ஒன்று குறைவாகத்தான் வரும். அதை மேனேஜர்களின் எண்ணிக்கையால் வகுப்பதுதான் உங்கள் சராசரி. மேனேஜர்களின் எண்ணிக்கை மாறாத வரை, பத்துப் பேரை ஒருவரிடமிருந்து பிடுங்கி இன்னொருவர் தலையில் கட்டினாலும் சராசரி அப்படியே இருக்கும். மேனேஜர்கள் அதிகமா குறைவா என்பதைத்தான் அது காட்டும். சுமை எங்கே விழுந்திருக்கிறது என்பதைக் காட்டாது.

நான் இதைப் பாடமாகக் கற்றது மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் சரக்கு நிலையத்தில். துறைமுகத்திலிருந்து ட்ரெய்லரில் வரும் பெட்டிகளை யார்டில் இறக்கி, கஸ்டம்ஸ் பரிசோதனை முடித்து, குடோனில் சரக்கைப் பிரித்து டெலிவரி கொடுக்கும் இடம். சார்ட்டில் 97 பதவிகள், அதில் 16 மேனேஜர்கள். 96-ஐ 16-ஆல் வகுத்தால் சரியாக 6. அங்கேயும் அளவாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். ஒவ்வொருவராகப் பிரித்துப் பார்த்தபோது, உண்மையில் 6 பேரை வைத்திருந்தவர் ஃபைனான்ஸ் மேனேஜர் ஒருவர் மட்டுமே. ஐந்து மேனேஜர்களுக்கு மூன்றோ அதற்குக் குறைவோதான். யார்டு மேனேஜருக்கு 17, டாக்குமென்டேஷன் மேனேஜருக்கு 14. அதாவது மொத்த ஆட்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இரண்டு பேரிடம். ஜி.எம்.முக்குக் கீழே நேரடியாக இருந்தது ஒரே ஒருவர், டி.ஜி.எம்.

இந்தப் பட்டியலை எடுப்பது ஐந்து நிமிட வேலை. உங்கள் ஷீட்டில் A-யில் ஊழியர் எண், B-யில் பெயர், C-யில் மேலதிகாரியின் எண் இருக்கட்டும். எண்கள் E014 என்பது போல எழுத்தோடு தொடங்க வேண்டும், இல்லையென்றால் கீழே உள்ள கணக்கு வேலை செய்யாது. D2-இல் முதல் வரியைப் போட்டு J வரை இழுங்கள். K2-இல் லேயர், L2-இல் ஸ்பான். பிறகு எல்லாவற்றையும் கடைசி ஊழியர் வரை கீழே இழுங்கள்.

```
D2: =IF(C2="","",INDEX($C:$C,MATCH(C2,$A:$A,0))&"")
K2: =1+COUNTIF(C2:J2,"?*")
L2: =COUNTIF($C:$C,A2)
```

ஒவ்வொரு வரிசையும் அந்த ஊழியரிலிருந்து படிப்படியாக மேலே ஏறி எம்.டி. வரை போகும். நடுவில் #N/A வந்தால், வேலையை விட்டுப் போன ஒருவரின் எண் இன்னும் மேலதிகாரி கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். J வரை எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டால் பெரும்பாலும் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் மேலதிகாரியாகப் பதிவாகியிருப்பார்கள். 120 பேர் உள்ள இடத்தில் ஒன்பது லேயர் நிஜமாகவே இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

சரி, இப்போது ஸ்பான் பெரிதாக உள்ளவரைப் பிடித்துவிட்டோம், வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். யார்டு 17, டாக்குமென்டேஷன் 14 என்று இரண்டு பெயரைக் குறித்துக்கொண்டு போனேன். ஆனால் அந்த நிலையத்தில் மிக மோசமாகத் திணறிக்கொண்டிருந்தவர் குடோன் மேனேஜர். சார்ட்டில் அவருக்குக் கீழே இருந்தது 4 பேர்தான்.

அது எப்படி வெளியே வந்தது என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் இடத்திலும் செய்ய வேண்டிய முக்கியமான வேலை இதுதான். நான் சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிரிவிலும் சிலரிடம் மூன்று கேள்வி கேட்டேன். நாளைக்கு வர முடியாது என்றால் யாருக்குப் போன் பண்ணுவீர்கள்? நேற்று உங்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தது யார்? சரக்கு உடைந்திருந்தால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்? மூன்றுக்கும் ஒரே பெயர் வந்து, அது சார்ட்டில் உள்ள பெயராகவும் இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் சார்ட் பொய் சொல்கிறது.

குடோனில் சார்ட் மூன்று விதமாகப் பொய் சொன்னது. அவருக்குக் கீழே இருந்த நான்கு கட்டங்களில் ஒன்று உதவி மேனேஜர் பதவி. அந்த ஆள் போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. பதவி எண்ணை மட்டும் அழிக்காமல் வைத்திருந்ததால், அவருக்குக் கீழே இருந்த 5 பேர் இன்னும் காலிக் கட்டத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தார்கள். என் ஃபார்முலாவிலும் இது #N/A ஆகவில்லை, ஏனென்றால் எண் பட்டியலில் இருந்தது. நடைமுறையில் அந்த 5 பேரும் குடோன் மேனேஜரிடம்தான் வந்து நின்றார்கள். அடுத்து, சரக்கு ஏற்றி இறக்கும் கான்ட்ராக்ட் ஆட்கள் 40 பேருக்கு மேல். அவர்கள் சம்பளப் பட்டியலில் இல்லாததால் சார்ட்டிலும் இல்லை. அவர்களுடைய மூன்று மேஸ்திரிகளும் காலையில் முதலில் தேடுவது இவரைத்தான். கடைசியாக, யார்டு மேனேஜருக்குக் கீழே காட்டப்பட்டிருந்த, சரக்கின் நிலையைச் சரிபார்க்கும் இரண்டு சர்வேயர்கள் நாள் முழுக்க குடோனில்தான் இருந்தார்கள். ஆக, நான்கில் காலிக் கட்டம் ஒன்று போக 3, அதோடு 5, மேஸ்திரிகள் 3, சர்வேயர்கள் 2. மொத்தம் 13.

வடசென்னையில் இது ஒரு கம்பெனியின் கதை மட்டும் இல்லை. மணலி, மாதவரம், எண்ணூர் பக்கம் சரக்கு, குடோன், ஃபேப்ரிகேஷன் என்று எந்த வேலையை எடுத்தாலும் கான்ட்ராக்ட் ஆட்கள் இல்லாமல் ஓடாது. சம்பளப் பட்டியலிலிருந்து சார்ட் வரைந்தால் அந்தச் சுமை முழுவதும் கண்ணில் படாமல் போய்விடும். ஒரு எச்சரிக்கை மட்டும். கான்ட்ராக்ட் ஆட்களையும் மேஸ்திரிகளையும் அதிகாரப்பூர்வ சார்ட்டில் உங்கள் மேனேஜருக்குக் கீழே கோடு போட்டு வரையாதீர்கள். கான்ட்ராக்ட் உண்மையானதா, பெயரளவுக்கா என்று வழக்கு வந்தால், அவர்களை மேற்பார்வை செய்து கட்டுப்படுத்துவது யார் என்பதை நீதிமன்றங்கள் முக்கியமாகப் பார்க்கும். சுமைக் கணக்கைத் தனி ஷீட்டில் வையுங்கள். நடைமுறையில் உங்கள் மேனேஜரே அவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதாகத் தெரிந்தால், அதை உங்கள் தொழிலாளர் சட்ட ஆலோசகரிடம் சொல்லிவிடுங்கள்.

எண்ணிக்கை சரியான பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. 13 என்பது அதிகமா? டாக்குமென்டேஷனில் 14 பேர், அங்கே அந்த மேனேஜர் அம்மா ஆறு மணிக்கு வீட்டுக்குக் கிளம்புகிறார். யார்டிலும் குடோனிலும் அது நடக்கவில்லை. தலை எண்ணிக்கை ஒன்றுபோல இருந்தாலும் எடை வேறு.

இந்த எடையைப் போட 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லாக்ஹீட் ஏவுகணை நிறுவனம் ஒரு முறையைச் செய்து பார்த்தது. பழையதுதான், ஆனால் நடுத்தர மேனேஜர்களுக்கு இதைவிட எளிமையான ஒன்றை நான் பயன்படுத்தியதில்லை. ஒவ்வொரு மேனேஜருக்கும் ஆறு விஷயத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். கீழே இருப்பவர்களின் வேலைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை, எவ்வளவு தூரம் சிதறி இருக்கிறார்கள் என்ற இரண்டுக்கும் அதிகபட்சம் 5. வேலையின் சிக்கல், மற்ற பிரிவுகளோடு ஒருங்கிணைப்பு, திட்டமிடல் ஆகிய மூன்றுக்கும் அதிகபட்சம் 10. கீழே இருப்பவர்களுக்கு எவ்வளவு நேரடிக் கவனம் தேவை என்பதற்கு 15. கடைசியில் சொன்னதற்குத்தான் எடை அதிகம், அது நியாயமும்கூட. கூட்டுத்தொகை கூடக் கூட, அவர் தாங்கக்கூடிய ஆட்கள் குறைவார்கள். அவர்களுடைய அட்டவணைப்படி 22 முதல் 24 வந்தால் 8 முதல் 11 பேர், 31 முதல் 33 என்றால் 5 முதல் 8 பேர், 37 முதல் 39 என்றால் 4 முதல் 6 பேர்.

டாக்குமென்டேஷனில் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே வேலை (2), ஒரே ஹால் (1), வழக்கமான வேலை (4), எப்போதாவது வழிகாட்டினால் போதும் (6), குறிப்பிட்ட சிலரோடு மட்டும் தொடர்பு (4), திட்டமிட அதிகம் இல்லை (2). கூட்டினால் 19. அட்டவணையின் கடைசிப் படியான 22-க்கும் கீழே. 14 பேர் என்பது அங்கே பயப்பட வேண்டிய எண் இல்லை. குடோனில் சர்வேயர், கிளார்க், மேஸ்திரி என்று வேறு வேறு வேலை (4), ஒரே வளாகத்தில் தனித்தனி ஷெட் (3), ஓரளவு சிக்கல் (6), அடிக்கடி தொடர்ந்த மேற்பார்வை (12), யார்டு, கஸ்டம்ஸ், புரோக்கர் என்று நெருக்கமான ஒருங்கிணைப்பு (8), திட்டமிடல் (4). மொத்தம் 37. நான்கிலிருந்து ஆறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் 13 பேர். யார்டுக்கு 33 வந்தது. சர்வேயர்கள் இருவரைக் கழித்தால் அங்கே 15 பேர், இருக்க வேண்டியது 8 வரை.

இந்த மதிப்பெண்ணைத் தனியாக உட்கார்ந்து போடாதீர்கள். நீங்கள் ஒரு தடவை, அந்த வேலை தெரிந்த இன்னொருவர் ஒரு தடவை, தனித்தனியாகப் போட்டு ஒப்பிடுங்கள். நேரடிக் கவனம் என்ற இடத்தில்தான் பெரிய வித்தியாசம் வரும். அந்த வித்தியாசத்தைப் பற்றிப் பேசுவதே பாதி ஆராய்ச்சி. அதோடு, இது மேனேஜர்களுக்கான அளவுகோல். ஒரே மாதிரி வேலை செய்யும் கும்பலை நடத்தும் மேஸ்திரிக்கு இதைப் பொருத்தினால் தப்பான விடைதான் வரும்.

அடுத்தது நேரக் குறிப்பு. இதை விட்டுவிட்டால் எம்.டி.யிடம் உங்கள் பேச்சு எடுபடாது. சந்தேகம் உள்ள மேனேஜர்களை இரண்டு வாரம், அரை மணிக்கு ஒரு கோடு என்று எழுதச் சொல்லுங்கள். கீழே உள்ளவர்களுக்குச் செலவழித்தது, மேலே உள்ளவர்களுக்குச் சொன்னது, மற்ற பிரிவு மற்றும் வெளியாட்கள், தன் சொந்த வேலை என்று நான்கே பத்தி போதும். பொங்கல் வாரத்தையும், எண்ணூர் விரைவுச் சாலையில் தண்ணீர் நிற்கும் மழை வாரங்களையும் தேர்ந்தெடுக்காதீர்கள். கப்பல்கள் ஒன்றாக வந்து சேர்ந்த வாரம் ஒன்று, சாதாரண வாரம் ஒன்று என்று அமைந்தால் நல்லது.

குடோன் மேனேஜரின் வாரம் சராசரி 63 மணி நேரம். அதில் 27 மணி கீழே உள்ளவர்களுக்கு, 12 மணி கஸ்டம்ஸ், புரோக்கர், கிளெய்ம் விவகாரம், 10 மணி சொந்த வேலை. என்னை நிறுத்திய எண் மீதி 14 மணி. அது முழுவதும் மேலே பதில் சொல்வதற்கு. ஒரு பெட்டியில் சரக்கு சேதம் என்றால் டி.ஜி.எம்.முக்கு விளக்கம், அதே விஷயத்தை மறுபடி ஜி.எம்.முக்கு விளக்கம், இருவரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் கமர்ஷியல் பிரிவுக்குப் போகும்.

லேயர் கணக்கு இந்த இடத்தில்தான் பயன்படுகிறது. யார்டில் இரவு ஷிஃப்டில் இருப்பவரிலிருந்து எம்.டி. வரை எண்ணினால் ஆறு படி. அதில் இரண்டாவது படியில் ஒருவர், மூன்றாவது படியிலும் ஒருவர், ஒருவருக்குக் கீழே இன்னொருவர். ஒற்றை ஆளுக்குக் கீழே ஒற்றை ஆள் என்று ஒரு நீண்ட கழுத்து இருந்தால், அதற்குக் கீழே உள்ளவர் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டிவரும். மேலே ஸ்பான் குறுகியிருப்பது வெறும் சம்பளச் செலவு இல்லை, கீழே இருப்பவரின் நேரத்தையும் தின்கிறது. அதனால் உங்கள் ஷீட்டில் L பத்தியில் 1 என்று வரும் இடங்களை முதலில் பாருங்கள். 17 என்று வரும் இடத்துக்கும் அதற்கும் பெரும்பாலும் தொடர்பு இருக்கும். ஆனால் 2, 3 என்று உள்ளவர்கள் எல்லோரும் சும்மா இருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஃபைனான்ஸில் இரண்டு பேரை வைத்திருந்தவர் பெரும்பாலான நேரம் கணக்கைத் தானே போட்டுக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை.

அங்கே என்ன செய்தோம்? காலியாக இருந்த உதவி மேனேஜர் பதவியை நிரப்பி, மேஸ்திரிகள் மூவரோடும் பேசும் பொறுப்பை அவரிடம் கொடுத்தோம். சர்வேயர்கள் இருவரையும் சார்ட்டிலும் குடோனுக்கே மாற்றினோம். குடோன் மேனேஜரின் நேரடி ஆட்கள் 6 ஆனார்கள். யார்டையும் குடோனையும் ஜி.எம். நேரடியாக எடுத்துக்கொண்டார், டாக்குமென்டேஷனும் மெயின்டனன்ஸும் டி.ஜி.எம்.மிடம் இருந்தன. யாருடைய வேலையும் போகவில்லை, கழுத்து மட்டும் உடைந்தது. அதனால் யார்டில் ஒரு படி மிச்சமானது. அந்த இடத்தில், இரவு ஷிஃப்டில் ஏற்கெனவே இருந்ததைப் போல, பகல் ஷிஃப்ட் இரண்டுக்கும் மூத்த ஆட்களையே இன்சார்ஜ் ஆக்க முடிந்தது. யார்டு மேனேஜரின் நேரடி ஆட்கள் 15-இலிருந்து 3 ஆனார்கள். அப்படியும் பகல் ஷிஃப்ட் ஆட்களிலிருந்து எம்.டி. வரை எண்ணினால் படிகள் கூடவில்லை, முன்பு இருந்த அதே ஐந்துதான். மெயின்டனன்ஸில் ஒரே ஒருவரை மேய்த்துக்கொண்டிருந்த ஃபோர்மேனிடமிருந்து அந்த ஒருவரையும் மேனேஜருக்கே மாற்றினோம். இப்போது மேனேஜர்கள் 17 பேர், சராசரி 5.6. முன்பு 6. இத்தனை மாற்றத்துக்கும் அந்த எண் அசைந்தது அவ்வளவுதான். உங்கள் எம்.டி.யிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி நேரக் குறிப்பு எடுத்தோம். குடோன் மேனேஜர் 52 மணிக்கு இறங்கியிருந்தார். மேலே பதில் சொல்லும் நேரம் 14-இலிருந்து 6 ஆகியிருந்தது. யார்டு மேனேஜருக்கு ஆட்களைப் பார்க்கும் நேரம் பாதியானது, ஆனால் ராத்திரி வீட்டுக்கு வரும் போன் கொஞ்சமும் குறையவில்லை. ஏன் என்று அவரிடமே ஒரு வாரம் எழுதி வாங்கினேன். பெரும்பாலானவை ஒரே காரணம்தான்: பெட்டியைக் காணோம். பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ரீச் ஸ்டாக்கர் வண்டியின் ஆபரேட்டர் பெட்டியை எந்த வரிசையில் இறக்கினார் என்பது சிஸ்டத்தில் ஏறுவதற்குள் ஷிஃப்ட் மாறிவிடும். பெட்டி எங்கே இருக்கும் என்று யூகிக்கத் தெரிந்த ஒரே ஆள் இவர். இதற்கு ஆட்களை எப்படி மாற்றிப் போட்டாலும் மருந்து இல்லை, இறக்கிய உடனே பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் எங்கே நேரக் குறிப்பு எடுத்தாலும் ஐந்தாவதாக ஒரு பத்தி சேர்த்துவிடுகிறேன்: எதற்காகக் கூப்பிட்டார்கள்? உங்கள் இரண்டு மேனேஜர்களிடமும் அதைச் சேர்த்தே எழுதி வாங்குங்கள்.